எரவானத்து இருட்டு

நீர்வண்ணத்தில் வரைந்த கிராமத்துக் குடிசைப் படங்களில் முதலில் கெட்டுப்போவது கூரைதான். சுவரும் வாசலும் பக்கத்துத் தென்னையும் ஓரளவு தேறிவிடும். கூரை மட்டும் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடக்கும். முகட்டிலிருந்து கீழே வரை ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில் பழுப்புக் கோடுகள். கூரையின் கீழ் விளிம்பு அடிக்கோல் வைத்துக் கத்தரித்ததுபோல் நேராக இருக்கும். அதற்குக் கீழே மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நிழலாம். வரைந்தவருக்கே ஏதோ சரியில்லை என்று தெரியும். எது சரியில்லை என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் கோடுகள் போடுவார். கூரை இன்னும் கெடும்.

ஓலைக் கூரையை நம் கண் எப்படி அடையாளம் காண்கிறது என்று யோசித்தால் இந்தச் சிக்கல் விளங்கும். முப்பது நாற்பது அடி தூரத்திலிருந்து பார்க்கும்போது தனி ஓலை யாருக்கும் தெரிவதில்லை. தெரிவது மூன்று: வரிசைக்கு வரிசை படி இறங்குவது, கீழ் விளிம்பு பிய்ந்து தொங்குவது, அந்த விளிம்புக்கு அடியில் எரவானத்தில் இருட்டு அப்பிக் கிடப்பது. மூன்றையும் காட்டுவது நிழல். ஆகவே ஓலையை வரைய உட்காருகிறவர் தோற்றுவிடுகிறார். ஓலைகளுக்கு நடுவேயும் கீழேயும் உள்ள இருளை வரைகிறவருக்குக் கூரை தானாக அமைந்துவிடுகிறது. என் அனுபவத்தில் இதைத் தாண்டி இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இருள் எங்கே, எவ்வளவு, எந்த நிறத்தில் விழும் என்று தெரிந்துகொள்ள, கூரை எப்படி வேயப்படுகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

காவிரிப் படுகைப் பக்கம் பார்க்கக் கிடைக்கும் தென்னங்கீற்றுக் கூரையை எடுத்துக்கொள்வோம். விழுந்த தென்னை மட்டையைக் குளத்திலோ வாய்க்காலிலோ சில நாள் ஊறப்போட்டு, நடுத்தண்டோடு இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கத்து ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து முடைவார்கள். முடைந்து முடித்த கீற்றின் ஒரு நீள விளிம்பில் தடித்த மட்டை இருக்கும். எதிர் விளிம்பில் ஓலை நுனிகள் கட்டுக்கு அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். பிய்ந்த விளிம்பு என்று நாம் பார்ப்பது இந்த நுனிகளைத்தான். ஒரு மட்டையைப் பிளந்தால் வலப்பாதி ஒன்றும் இடப்பாதி ஒன்றும் கிடைக்கும். ஒன்றில் ஓலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதில் மறுபக்கம். அதனால் கூரையில் நுனிகள் எல்லாம் நேர்க்கீழாகத் தொங்குவதில்லை. இங்கே சற்று இடப்பக்கம், அங்கே சற்று வலப்பக்கம் என்று கொத்துக்கொத்தாகச் சாய்கின்றன. தூரிகை வீச்சுகள் ஒரே திசையில் போனால் கூரை பொய்யாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம்.

வேய்வது எப்போதும் கீழிருந்து தொடங்கும். வரிச்சில் முதல் வரிசையைக் கட்டி, அதன் மேற்பகுதியை மூடும்படி அடுத்த வரிசையைக் கட்டி, அப்படியே முகடு வரை ஏறுவார்கள். மேலே விழும் மழைநீர் கீழ்வரிசையின் முதுகில் இறங்கி ஓட வேண்டும் அல்லவா? எனவே ஒவ்வொரு வரிசையின் கீழ்விளிம்பும் அதற்கு அடுத்த வரிசையின்மேல் கொஞ்சம் தூக்கி நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய பிறகு ஒவ்வொரு வரிசையிலும் வெளியே தெரிவது அரை அடி, முக்கால் அடிதான். கைமரங்களுக்கு இடையில் வரிச்சு தொய்வதால் வரிசைகள் நேர்கோட்டில் போகாது. மெல்ல இறங்கி ஏறும். பழைய கூரையில் இந்தத் தொய்வு தூரத்திலிருந்தே தெரியும்.

இனி எங்கே, எப்போது உட்காருவது என்ற கேள்வி. பெரும்பாலானவர்கள் வெயில் நேராக விழும் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளிச்சமாக இருக்கிறது, நிறம் பளிச்சென்று தெரிகிறது என்பது காரணம். ஓலைக் கூரைக்கு இது தவறான பக்கம். கிடைமட்டத்திலிருந்து 40 பாகை சாய்ந்த ஒரு கூரையை வைத்துக்கொள்வோம். அதற்கு எதிரே சூரியன் 50 பாகை உயரத்தில் நின்றால் வெயில் கூரைமீது செங்குத்தாக விழும். அப்போது வரிசையின் விளிம்புக்குக் கீழே நிழலே இருக்காது. கூரை தட்டையாக, ஒரே மஞ்சளாகத் தெரியும். காலையில் கிழக்குச் சரிவைப் பார்த்து உட்கார்ந்தவர் படிகளைத் தேடிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே குடிசையின் மேற்குப் பக்கம் வாருங்கள். மார்ச் மாதப் பிற்பாதி, காலை சுமார் 10.20. சூரியன் கிழக்கே 60 பாகையை நெருங்கியிருக்கிறது. முகட்டைத் தாண்டி வரும் வெயில் மேற்குச் சரிவின்மேல் உரசிக்கொண்டு இறங்குகிறது. கூரைத் தளத்துக்கும் வெயிலுக்கும் இடையே ஏறக்குறைய 20 பாகைதான் இடைவெளி. இப்போது ஒரு வரிசையின் விளிம்பு ஓர் அங்குலம் தூக்கி நின்றால், அடுத்த வரிசைமேல் அது கிட்டத்தட்ட மூன்று அங்குல நிழலைப் போடும். வெளியே தெரிகிற அரை அடியில் பாதி நிழல், பாதி வெயில். கூரை முழுக்கப் படிகள் எழுந்து நிற்கும். 11.20க்கு அந்த நிழல் ஒன்றரை அங்குலத்துக்கும் கீழே சுருங்கிவிடும். உச்சியில் ஓர் அங்குலம்கூட இருக்காது. அதனால் இந்தக் காட்சி ஒரு மணி நேரத்துக்குள் கைநழுவிப் போகிறது. முதலில் பென்சிலில் நிழல் வரிகளைக் குறித்துக்கொண்டு, வெயில் மாறினாலும் அந்தக் குறிப்பையே பின்பற்றுவது நல்லது. பிற்பகலில் வருபவர்கள் இதையே திருப்பிக்கொள்ளலாம்: சுமார் 2.20க்குக் கிழக்குச் சரிவு.

மேற்குப் பக்கத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த நேரத்தில் அந்தப் பக்கத்துச் சுவர் முழுவதும் நிழலில் இருக்கும். ஆனால் குடிசையின் நிழல் கூரை விளிம்பைத் தாண்டி அதிகம் வெளியே நீளாது. முற்றத்து மண்ணில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வெயிலில் பளிச்சிடும் ஓலை நுனிகள், அதற்குக் கீழே எரவானத்து இருட்டு, அதற்கும் கீழே முற்றத்திலிருந்து திரும்பி எழும் மண்ணின் மெல்லிய செம்மை. நமக்கு வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

உட்கார்ந்து வரையுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். கீற்றுக் கூரையின் விளிம்பு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தால், நின்று பார்க்கிறவரின் கண்ணும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். அப்போது எரவானத்தின் அடிப்புறம் தெரியாது. விளிம்பு வெறும் கோடாகி, அதற்குக் கீழே நேராகச் சுவர் தொடங்கிவிடும். ஒரு முக்காலியில் உட்கார்ந்தால் கண் மூன்றரை அடிக்கு இறங்கும். கூரைக்குள் எட்டிப் பார்க்க முடியும். கைமர முனைகளும், சொருகி வைத்த அரிவாளும், இருட்டுக்குள் இருட்டாகத் தெரியத் தொடங்கும். ஆழமான நிழல் வேண்டும் என்றால் அந்த ஆழம் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உட்காரும்போது கூரையின் அளவும் மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். இருபது அடி தள்ளி உட்கார்ந்தால் எட்டடிச் சரிவு, கண்ணுக்கு நாலடி உயரமாகக்கூடத் தெரியாது. அது பின்னோக்கிச் சாய்ந்து போகிறது. கீழ் வரிசைகள் அகலமாகவும் மேலே போகப்போக நெருக்கமாகவும் தெரியும். எட்டடிச் சரிவில் பதினாறு வரிசை இருக்கலாம். பதினாறையும் வரைய வேண்டாம். கீழே இருந்து நாலைந்தைத் தெளிவாகக் காட்டி, மேலே ஒன்றிரண்டை மட்டும் கோடி காட்டிவிட்டால் மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

ஒரு படத்தைத் தொடங்கி முடிப்பதுவரை பார்ப்போம். பதினைந்துக்குப் பதினொன்று அங்குலத் தாள், 300 ஜிஎஸ்எம், கொஞ்சம் சொரசொரப்பானது. மெல்லிய தாள் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டாவது முறை நனைந்ததும் நெளிந்துவிடும். குடிசையின் நீளம் பதினாறு அடி என்றால் தாளில் எட்டு அங்குலம். அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம். நாலே நாலு நிறம் போதும்: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம். கறுப்பு வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்தால், தண்ணீர் அதிகமாக இருக்கும்போது பழைய ஓலையின் வெள்ளிச் சாம்பலும், தண்ணீர் குறைவாக இருக்கும்போது கறுப்புக்கு அருகிலான இருளும் ஒரே கலவையிலிருந்து கிடைக்கும். சியன்னா கூடினால் இருள் சூடாகும், நீலம் கூடினால் குளிரும்.

முதல் பூச்சு கூரையின் வயதைச் சொல்ல வேண்டும். புதுக் கீற்று வெளிர் மஞ்சள் பழுப்பு. ஒரு மழைக்காலம் கண்டது அடர் பழுப்பு. அதற்கும் மேல் போனது சாம்பல். கீற்றுக் கூரையை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்பதால், முழுக் கூரையையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாதவர்கள் ஒழுகும் இடத்தில் மட்டும் புதுக் கீற்றைச் செருகுவார்கள். பழைய சாம்பலுக்கு நடுவே ஒரு மஞ்சள் துண்டு கிடைப்பது அப்படித்தான். ஆகவே கூரைப் பகுதி முழுவதையும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, ஈரம் இருக்கும்போதே நீர்த்த சாம்பலை விட்டு, ஓரிரண்டு இடங்களில் ஓக்கரையும், முகட்டருகே கொஞ்சம் சியன்னாவையும் தொட்டுவிட வேண்டும். நிறங்கள் தாமே கலந்துகொள்ளட்டும். வெயில் படும் கூரைக்கு இந்தப் பூச்சு மிக வெளிறியதாக இருக்க வேண்டும். பலர் இங்கேயே அடர்த்தியாகப் பூசிவிடுகிறார்கள். அப்புறம் வரும் எந்த நிழலும் எடுபடாது. கீழ்விளிம்பில் நுனிகள் தொங்கப்போகும் அரை அங்குலத்துக்கும் இதே பூச்சைக் கீழே இழுத்துவிடுங்கள். அது பின்னால் பயன்படும்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் நிழலுக்கும் இரண்டு ஓரங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு மாதிரியானவை. மேல் ஓரத்தில் வெயில் பட்ட நுனிகள் நிழலுக்குள் பல்பல்லாக இறங்கும். அது கூர்மையாக, ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். கீழ் ஓரம் நிழல் கரைந்து அடுத்த வரிசையின் வெயிலோடு சேரும் இடம். உண்மையில் அங்கேயும் நிழல் சட்டென்றுதான் முடிகிறது. ஆனால் அது விழும் ஓலைப்பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் தூரத்தில் மங்கித் தெரிகிறது. இதை ஒரே தூரிகையால் செய்யலாம். எட்டாம் எண் வட்டத் தூரிகையில் நடுத்தரச் சாம்பல் பழுப்பை எடுத்து, மேல் ஓரத்தை நுனி நுனியாக விட்டுவிட்டு வரைந்து, நாலைந்து அங்குலம் போனதும் தூரிகையைக் கழுவி, வெறும் ஈரத்தால் கீழ் ஓரத்தை இழுத்துவிட வேண்டும். ஒரே மூச்சில் முழு நீளமும் போகாதீர்கள். காய்ந்துவிட்டால் இரண்டு ஓரமும் கூர்மையாகி, கூரை ஓட்டுக்கூரையாக மாறிவிடும்.

கோடு தொடர்ந்து போக வேண்டாம். கீற்று முடியும் இடத்தில் அறுபடட்டும். ஓரிடத்தில் விளிம்பு அதிகமாகத் தூக்கியிருக்கும். அங்கே நிழல் தடிக்கட்டும். வேறோரிடத்தில் கீற்று படிந்து அமுங்கியிருக்கும். அங்கே நிழலே வேண்டாம். கைமரங்களுக்கு நடுவே வரிசை தொய்வதையும் இங்கேயே காட்டிவிட வேண்டும். பிறகு, முடி பிரிந்துபோன ஒரு பழைய தூரிகையில் நிறத்தை எடுத்து, துணியில் ஒற்றி, ஈரம் பெரும்பாலும் போன நிலையில், சரிவின் போக்கில் லேசாக உரசினால் தாளின் சொரசொரப்பில் மட்டும் நிறம் பிடித்து ஓலையின் நார் தெரியும். இந்த உரசல் கூரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கை ஓய்வே தராமல் உரசிக்கொண்டே போவதால்தான் கூரை புல்தரையாகிறது.

எரவானமே இந்தப் படத்தின் உயிர். இங்கே செய்வது தலைகீழ் வேலை. தொங்கும் நுனிகளை வரைவதில்லை. அவற்றுக்கு இடையே உள்ள இருட்டை வரைகிறோம். முன்பே கீழே இழுத்துவிட்ட வெளிர்ப் பூச்சு இருக்கிறதே, அதில் எந்த நுனிகளை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்து, மீதியை இருளால் வெட்டிவிட வேண்டும். அடர்த்தியான சியன்னா நீலக் கலவையில் கொஞ்சம் அம்பர் சேர்த்து, தூரிகை நுனியால் கீழிருந்து மேல்நோக்கி, நுனிகளின் இடுக்குகளுக்குள் குத்திக் குத்திப் போக வேண்டும். இடுக்குகள் ஒரே அளவில் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கடினம். கை தன்னையறியாமல் தாளம் பிடிக்கும். மூன்று நுனி ஒட்டிக் கிடக்கட்டும், பிறகு ஓர் ஆழமான பிளவு, அதன்பின் ஒற்றை நுனி நீண்டு தொங்கட்டும், அடுத்து ஒரு கை அகலத்துக்கு நுனியே இல்லாமல் உதிர்ந்துபோயிருக்கட்டும். ஆள் நுழையும் வாசலுக்கு மேலே நுனிகள் தலையில் இடித்து இடித்துத் தேய்ந்திருக்கும். மாடு கட்டும் பக்கமாக இருந்தால் கீழ் நுனிகளை மாடு இழுத்துத் தின்றிருக்கும். இப்படி ஒவ்வோர் ஒழுங்கின்மைக்கும் ஒரு காரணம் இருந்தால் விளிம்பு தானாக நம்பும்படி ஆகிவிடும்.

வெட்டி முடித்த இருளைக் காயவிடாமல் கீழே கொண்டுவர வேண்டும். எரவானத்து நிழல் ஒரே இருள் இல்லை. கூரையும் சுவரும் சந்திக்கும் மூலைதான் மிக இருண்ட இடம். வானத்தின் வெளிச்சம் அங்கே எட்டாது. சுவரில் கீழே வரவர வானம் தெரியத் தொடங்கும், முற்றத்து வெயிலும் மண்ணிலிருந்து எகிறி மேலே வரும். ஆகவே மேலே அடர்த்தி, கீழே தெளிவு. மூலைக்கு அருகில் நிறம் சூடாக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே சேர்வது தரையிலிருந்து எழும் செம்மண் வெளிச்சம் மட்டுமே. சுவரின் நடுப்பகுதியில் வானத்தின் நீலம் கொஞ்சம் கலக்கலாம். தரையை ஒட்டிய கடைசி அடியில் மறுபடி செம்மை. அடர்ந்த கலவையை மேலே விட்டு, தண்ணீர் சேர்த்துக்கொண்டே கீழே இறக்கி, இடையில் சியன்னாவை ஈரத்திலேயே தொட்டுவிட்டால் இது ஓர் இரண்டு நிமிட வேலை. நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதை மறக்கக் கூடாது. ஈரத்தில் பயமுறுத்தும் அளவுக்கு இருட்டாகத் தெரிந்தால்தான் காய்ந்தபின் சரியாக இருக்கும். துணிச்சல் இல்லாமல் வெளிறலாகப் பூசி, காய்ந்ததும் போதாமல் மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று என்று பூசினால் நிழல் கலங்கிச் சேறாகிவிடும். இருட்டுக்குள் பார்வை போகாது. சுவரின்மேல் அழுக்கு ஒட்டியதுபோல் தெரியும்.

அந்த இருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆறடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். படத்தில் வேறு எதுவும் அடையாளம் தெரியாவிட்டாலும் கூரை ஒரு வெளிர்த் துண்டாக, அதன்கீழ் இருள் ஒரு துண்டாகப் பிரிந்து தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோனால் கூரை அடர்ந்துவிட்டது, இல்லையென்றால் இருள் வெளிறிவிட்டது. தாளைத் தலைகீழாகப் பிடித்தும் பார்க்கலாம். விளிம்பின் தாளம் ஒரே சீராக இருந்தால் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும். திருத்தம் இந்தக் கட்டத்திலும் சாத்தியம். சீராகிவிட்ட இடத்தில் இரண்டு நுனிகளை இருளால் மூடி ஒரு பிளவாக்கலாம். ஈரமான கெட்டித் தூரிகையால் ஒரு நுனியைச் சுரண்டி, துணியால் ஒற்றி எடுத்து, புதிதாக ஒன்றைத் தொங்கவும் விடலாம். அல்ட்ராமரைன் ஓரளவு எழும்பி வரும்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு அதே இடத்தில் உட்கார்ந்தால் கதை வேறு. வெயில் இப்போது மேற்கிலிருந்து நேராக வருகிறது. கூரையின் படிகள் மறைந்துவிட்டன. ஆனால் சுவரில் கூரையின் நிழல் விழுகிறது. கூரை சுவரைத் தாண்டி இரண்டு அடி நீண்டிருந்தால், 45 பாகை வெயிலில் நிழலும் விளிம்புக்குக் கீழே இரண்டு அடி இறங்கும். ஒரு மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் மூன்றரை அடி இறங்கியிருக்கும். இந்த நிழலின் ஓரத்தைப் பலர் கூரை விளிம்பின் அச்சு நகலாக, நுனிக்கு நுனி வரைந்துவிடுகிறார்கள். அப்படி விழாது. சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே வெயில் மூன்றடி தூரம் கடந்து வருவதற்குள் நிழலின் ஓரம் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு மங்கிவிடும். ஒற்றை ஓலையின் ஊசி நுனி அதில் கரைந்துபோகும். கொத்தாகத் தொங்குபவை மட்டும் தழைந்த மேடுகளாகச் சுவரில் விழும். ஆகவே மேலே கூர்கூராக விளிம்பு, கீழே மழுங்கிய அலையாக நிழல். இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள காற்றுவெளி படத்துக்குள் வந்துவிடும்.

முகட்டைப் பற்றி ஒரே ஒரு சொல். அங்கே கீற்றுகளை இரண்டு பக்கமும் மடித்துப் போட்டுக் கட்டியிருப்பார்கள். அதனால் அது எப்போதும் தடித்து, கொஞ்சம் வளைந்து, நடுவே தொய்ந்திருக்கும். அங்கேயும் பக்கவாட்டு ஓரத்திலும் நுனிகள் வெளிர் வானத்துக்கு எதிரே நிற்பதால் அவை இருண்டு தெரியும். எரவானத்தில் வெளிர் நுனி, வானத்துக்கு எதிரே இருண்ட நுனி. பக்க ஓரத்தில் மூன்று நாலு நுனிகளைத் தூரிகையின் முனையால் வெளிப்புறமாக வீசிவிட்டால் போதும்.

தெற்கே ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் பனையோலைக் கூரை வரைகிறவர்கள் விளிம்பை மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பனையோலை விசிறி வடிவமானது, விறைப்பானது, மடிப்பு மடிப்பாக இருக்கும். அது தென்னங்கீற்றைப் போலத் தொங்காது. வெளியே நீட்டி நிற்கும். நுனிகள் பிளந்து, கூராக, பட்டை பட்டையாக முடியும். ஒவ்வோர் ஓலைக்கும் மடிப்பின் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் படுவதால் இங்கே வட்டத் தூரிகையைவிடத் தட்டைத் தூரிகை கைகொடுக்கும். அதன் ஓரத்தால் குட்டையான, கோணமான வீச்சுகள். தென்னங்கீற்றைவிட அதிக நாள் நிற்பதால் பனங்கூரை பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் கண்ணில் படும். ஓக்கரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கீற்றுக் கூரைகள் பலவற்றில் நீலத் தார்ப்பாயோ பழைய விளம்பரப் பதாகையோ போர்த்திக் கிடக்கிறது. படம் வரைய வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு வரைவதை நான் ஏற்பதில்லை. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் படுகைப் பகுதியின் தென்னைகளையும் குடிசைகளையும் ஒன்றாகச் சாய்த்துப் போட்டது. வீட்டுக்குள் மழை வராமல் இருக்க எது கிடைத்ததோ அதை மேலே போர்த்தி வாழ்கிறவர்களின் கூரை அது. வரைகிறவருக்கும் அது வரம்தான். தார்ப்பாயின் வழவழப்பான நீலமும், அதன்மேல் வைத்த கற்களும், அதன் ஓரத்திலிருந்து பிதுங்கி வரும் ஓலை நுனிகளும் சேர்ந்து, ஓலையின் சொரசொரப்பை இருமடங்காக எடுத்துக்காட்டும். தார்ப்பாய்க்கு நீர்த்த அல்ட்ராமரைனை ஒரே பூச்சாக, உரசல் எதுவும் இல்லாமல் விட்டு, கல் அழுத்தும் இடத்திலிருந்து விரியும் சுருக்கங்களை இரண்டு மூன்று வரிகளில் காட்டினால் போதும். குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறிவருகின்றன, மாறத்தான் வேண்டும். கூரை பார்த்து வரைய வேண்டும் என்றால் இப்போது தோப்புகளில் உள்ள மாட்டுக் கொட்டகை, சாலையோர டீக்கடை, தேங்காய் உரிக்கும் கொட்டாய் ஆகியவற்றைத் தேடிப் போகலாம். டீக்கடையில் ஒரு வசதி: எரவானம் நீளமாக இருக்கும், முன்பக்கம் சுவரே இருக்காது. அதனால் இருட்டு பின்சுவர்வரை ஆழமாகப் போகும். மேலே சொன்ன மூலைச் சூட்டை அங்கே அடுப்பு வெளிச்சத்தோடு சேர்த்து, இன்னும் கொஞ்சம் சியன்னா கூட்டிப் பூச வேண்டியிருக்கும்.